வரிசை முழுக்க நிறம் வரவில்லையா? டூப்ளிகேட், முதல் மூன்று ஃபார்முலாக்களில் தப்பு எங்கே என்று பிடிக்கும் வழி

எக்செல்லில் டூப்ளிகேட்டுக்கு நிறம் பூசுவதற்கும் முதல் பத்துக்கு நிறம் பூசுவதற்கும் தயாராகவே மெனு இருக்கிறது, ஆனால் அவை இரண்டும் அந்த ஒரு செல்லுக்கு மட்டும்தான் நிறம் தரும். வரிசை முழுக்க வேண்டும் என்றால் ஃபார்முலா எழுதியாக வேண்டும். ஃபார்முலா ஒரே ஒரு வரிதான், ஆனால் அந்த ஒரு வரி தப்பாகப் போவதற்கு ஏழெட்டு வழி இருக்கிறது, தப்பும் செய்தியாக எதுவும் சொல்லாது, நிறம் மட்டும் வராது அல்லது கண்ட இடத்தில் வரும். அதனால் உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அதிலிருந்து காரணத்துக்குப் போகிற மாதிரி எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் முதலில் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான்.

## முதலில் ஒரு மாதிரிப் பட்டியல், அப்புறம் ஒரு சோதனைக் கட்டம்

ஒரு போட்டியின் மதிப்பெண் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரிசையில் தலைப்புகள். A-வில் பதிவு எண், B-யில் பெயர், C-யில் பிரிவு, D-யில் மதிப்பெண். 40 பேர், ஆகவே தரவு A2 முதல் D41 வரை. பதிவு எண் இரண்டு முறை வந்திருந்தால் அந்த வரிசைகள் முழுக்க ஆரஞ்சு, மதிப்பெண்ணில் முதல் மூன்று இடங்கள் முழுக்கப் பச்சை. இதுதான் வேண்டும்.

A2-வில் தொடங்கி D41 வரை தேர்ந்தெடுத்து, `Home` > `Conditional Formatting` > `New Rule` போய், `Use a formula to determine which cells to format` என்பதைத் தேர்ந்தெடுத்து இதை எழுத வேண்டும்:

```
=COUNTIF($A$2:$A$41,$A2)>1
```

முதல் மூன்றுக்கு இன்னொரு விதி:

```
=$D2>=LARGE($D$2:$D$41,3)
```

இந்தப் பெட்டியில் நீங்கள் எழுதுவது ஒரே ஒரு செல்லுக்கான ஃபார்முலா. தேர்ந்தெடுத்த பகுதியின் இடது மேல் மூலைச் செல்லுக்கு, அதாவது A2-வுக்கு, எழுதுகிறீர்கள். எக்செல் அதை மற்ற 159 செல்களுக்கும் நகல் எடுத்து ஒட்டியது போல நடந்துகொள்கிறது, ஒவ்வொரு செல்லிலும் விடை TRUE வந்தால் நிறம், FALSE வந்தால் இல்லை. பிழை வந்தாலும் FALSE மாதிரிதான், சத்தமில்லாமல் விட்டுவிடும். அந்த நகல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் இதில் இருக்கிற முழுத் தொந்தரவும்.

அதனால் அவற்றைக் கண்ணுக்குத் தெரிய வைத்துவிடுங்கள். பட்டியலுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் F2-வில் அதே ஃபார்முலாவை அப்படியே தட்டச்சு செய்து, மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்து முதலில் வலப்பக்கம் I வரை இழுங்கள், பிறகு நான்கையும் சேர்த்து 41-ஆம் வரிசை வரை கீழே இழுங்கள். இப்போது A2:D41-க்கு ஒரு நிழல் போல F2:I41-இல் TRUE, FALSE நிரம்பியிருக்கும். A-வுக்கு F, B-க்கு G, C-க்கு H, D-க்கு I.

இந்தக் கட்டத்தில் விடை சரியாக இருந்து நிறம் மட்டும் தப்பாக இருந்தால், கோளாறு விதியை வைத்த விதத்தில் இருக்கிறது. கட்டத்திலேயே விடை தப்பு என்றால் ஃபார்முலாவிலோ தரவிலோ கோளாறு. இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமல் விதியைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதிக்கொண்டிருந்தால் அரை நாள் போய்விடும், நான் அப்படிப் போக்கியிருக்கிறேன்.

## ஒரு செல் மட்டும்தான் நிறம் மாறுகிறது, வரிசை மாறவில்லை

முதல் காரணம் எளியது. விதி A நெடுவரிசைக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறது. `Conditional Formatting` > `Manage Rules` திறந்து `Applies to` பெட்டியைப் பாருங்கள். அங்கே `=$A$2:$A$41` என்று இருந்தால் `=$A$2:$D$41` என்று மாற்றுங்கள், முடிந்தது.

ஆனால் அந்த விதி தயார் மெனுவிலிருந்து வந்த `Duplicate Values` ஆக இருந்தால் இப்படி விரிப்பது நிலைமையை மோசமாக்கும். அந்த விதிக்கு வரிசை என்ற எண்ணமே கிடையாது. விரித்த பகுதி முழுவதையும் ஒரே மூட்டையாக எடுத்துக்கொண்டு, எந்தச் செல்லின் மதிப்பு அந்த மூட்டைக்குள் இன்னொரு இடத்தில் இருந்தாலும் நிறம் பூசும். C-யில் ஒரே பிரிவில் பத்துப் பேர் இருப்பார்கள், பத்தும் நிறம் மாறும். D-யில் இருவர் 88 வாங்கியிருந்தால் அவையும். அந்த விதியை அழித்துவிட்டு ஃபார்முலா விதிக்கு வாருங்கள்.

இரண்டாவது காரணம், `Applies to` சரியாகவே இருந்தும் A மட்டும் நிறம் மாறுகிறது. இங்கே டாலர் குறி விடுபட்டிருக்கிறது:

```
=COUNTIF($A$2:$A$41,A2)>1
```

A2-வுக்கு முன்னால் டாலர் இல்லாததால், வலப்பக்கம் நகர நகர அது B2, C2, D2 என்று நகர்கிறது. B2-வில் இருக்கும் பெயரைப் பதிவு எண்களுக்குள் தேடுகிறது, கிடைக்காது, FALSE. சோதனைக் கட்டத்தில் இது பளிச்சென்று தெரியும்: F-இல் TRUE வரும் வரிசைகளில் G, H, I மூன்றும் FALSE ஆக இருக்கும். வரிசை முழுக்க நிறம் வர வேண்டும் என்றால் ஒரு வரிசையின் நான்கு விடையும் ஒன்றாகவே இருக்க வேண்டும், `$A2` என்று எழுதினால்தான் எந்த நெடுவரிசையில் நின்று கேட்டாலும் எக்செல் A-வையே பார்க்கும்.

## எல்லா வரிசையும் நிறம் மாறுகிறது, அல்லது நிறம் சிதறிக் கிடக்கிறது

இதுவும் டாலர் விஷயம்தான், ஆனால் வேறு இடத்தில். ஃபார்முலா எழுதும்போது கையால் தட்டாமல் மவுஸால் செல்லைச் சொடுக்கினால் எக்செல் அதை `$A$2` என்று இரண்டு டாலரோடு போட்டுவிடும். தேடும் பகுதிக்கு அது சரி. ஆனால் எதைத் தேட வேண்டும் என்கிற இடத்திலும் `$A$2` வந்துவிட்டால், 40 வரிசையும் ஒரே கேள்வியைக் கேட்கும்: A2-வில் இருப்பது டூப்ளிகேட்டா? ஆம் என்றால் பட்டியல் முழுக்க ஆரஞ்சு, இல்லை என்றால் ஒன்றுமே இல்லை. எழுத்தின் மேல் கர்சரை வைத்து F4 அழுத்தினால் டாலர்கள் மாறி மாறி வரும், `$A2` வரும் வரை அழுத்துங்கள்.

இதற்கு நேர்மாறாகப் பகுதியின் வரிசை எண்களுக்கு டாலர் போடாமல் `$A2:$A41` என்று விட்டால் வேறு மாதிரி குழப்பம் வரும். கீழே இறங்க இறங்க பகுதியும் கூடவே இறங்கும், A3:A42, A4:A43 என்று. ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழே இருப்பதை மட்டும் பார்க்கிறது, மேலே இருக்கும் ஜோடி அதன் கண்ணில் படாது. ஆகவே ஜோடியில் முதலில் வந்தது நிறம் மாறும், இரண்டாவது மாறாது. இப்படி ஒன்று மாறி ஒன்று மாறாமல் நின்றால் உடனே பகுதியின் டாலரைப் பாருங்கள்.

முதல் மூன்று விதியில் இதே பிழை இன்னும் நம்பும்படியாக ஏமாற்றும். `LARGE($D2:$D41,3)` என்று எழுதியிருந்தால், 39-ஆம் வரிசைக்கு வரும்போது பகுதி D39:D78 ஆகியிருக்கும், அதில் மூன்று மதிப்பெண்தான் இருக்கும், மூன்றும் எண்ணாக இருந்தால் D39 எவ்வளவு குறைந்த மதிப்பெண்ணாக இருந்தாலும் அது முதல் மூன்றில் வந்துவிடும். 40, 41-இல் மூன்று எண்ணே இல்லாததால் பிழை வந்து நிறம் வராது. மேலே எல்லாம் ஓரளவு சரியாகத் தெரிந்து, பட்டியலின் அடியில் மட்டும் தகுதியில்லாத வரிசை பச்சையாக நின்றால் இதுதான் காரணம்.

## நிறம் ஒரு வரிசை தள்ளி வருகிறது

பதிவு எண் 7-ஆம் வரிசையிலும் 19-ஆம் வரிசையிலும் இரட்டித்திருக்கிறது, ஆனால் நிறம் 6-இலும் 18-இலும் தெரிகிறது. சோதனைக் கட்டத்திலோ விடை சரியாக 7, 19-இல் TRUE. ஆக ஃபார்முலாவில் பிழை இல்லை, விதியை வைத்த விதத்தில்தான்.

நடந்தது இப்படி. A2-விலிருந்து தேர்ந்தெடுக்காமல் A, B, C, D என்று நான்கு நெடுவரிசைகளின் தலையைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அப்போது இடது மேல் மூலை A1. ஃபார்முலாவிலோ `$A2` என்று இருக்கிறது. முதல் வரிசைக்கு இரண்டாவதைப் பார் என்று எக்செல் புரிந்துகொள்கிறது, அதனால் 6-ஆம் வரிசை ஏழாவதைப் பார்க்கிறது. முழு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் ஃபார்முலா `$A1` என்று தொடங்க வேண்டும். என்னைக் கேட்டால் தரவு இருக்கும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுப்பதே நல்லது, தலைப்பு வரிசை தேவையில்லாமல் உள்ளே வராது.

இன்னொரு வகை இருக்கிறது, அது எனக்கு நடந்தது. நீளமான பட்டியலில் கீழேயிருந்து மேலே இழுத்துத் தேர்ந்தெடுக்கிற பழக்கம் எனக்கு. D41-இல் மவுஸை வைத்து A2 வரை இழுத்தால், பார்க்க ஒரே பகுதிதான், ஆனால் செயலில் இருக்கும் செல் D41. எழுதுகிற ஃபார்முலா மூலைச் செல்லுக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா, கறாராகச் சொன்னால் அது செயலில் இருக்கும் செல்லுக்கு, மேலிருந்து இழுக்கும்போது அது மூலைச் செல்லாக இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. 41-இல் நின்றுகொண்டு `$A2` என்றால் 39 வரிசை மேலே பார் என்று அர்த்தம், இரண்டாவது வரிசைக்கு மேலே 39 வரிசை கிடையாது, அதனால் எக்செல் சுற்றிக்கொண்டு தாளின் அடிப்பக்கத்துக்குப் போய்விடும். தாளில் மொத்தம் 10,48,576 வரிசைகள். விதியைத் திறந்து பார்க்கும்போது `$A1048539` மாதிரி நீங்கள் எழுதவே எழுதாத ஓர் எண் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

இதைத் திருத்தி எழுதப் போராடாதீர்கள். விதியை அழித்துவிட்டு, A2-வைச் சொடுக்கி அங்கிருந்து கீழே தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டைக்கு இடதுபுறம் இருக்கும் பெயர்ப் பெட்டியில் A2 என்று தெரிகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, மறுபடி விதியைப் போடுங்கள். கூகுள் ஷீட்ஸில் இந்த வம்பு இல்லை, அங்கே ஃபார்முலா எப்போதும் `Apply to range`-இல் கொடுத்த பகுதியின் முதல் செல்லுக்குத்தான்.

## எதுவுமே நிறம் மாறவில்லை

முதலில் விதியை மறுபடி திறந்து ஃபார்முலாவைப் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் சமக்குறி போட மறந்திருந்தால் எக்செல் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு இப்படி மேற்கோள் குறிக்குள் அடைத்திருக்கும்:

```
="COUNTIF($A$2:$A$41,$A2)>1"
```

மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டால் போதும். அப்படித் திருத்தும்போது அம்புக்குறி விசையால் நகர்ந்தால் ஃபார்முலாவுக்கு நடுவில் ஏதாவது ஒரு செல் முகவரி வந்து உட்காரும், அதற்கு முன்னால் F2 விசையை ஒரு முறை அழுத்திவிட்டால் கர்சர் ஒழுங்காக நகரும். அதே பெட்டியில் கீழே `No Format Set` என்று தெரிந்தால் நிறத்தையே தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம், இதுவும் அடிக்கடி நடக்கிற ஒன்று.

இவை எல்லாம் சரியென்றால் சோதனைக் கட்டத்தில் பிழை தெரிகிறதா பாருங்கள். முதல் மூன்று விதிக்கு இரண்டு சந்தர்ப்பங்கள் உண்டு. இன்னும் மூன்று பேருக்குக்கூட மதிப்பெண் ஏறவில்லை என்றால் LARGE-க்கு மூன்றாவது எண் கிடைக்காமல் `#NUM!` வரும். அல்லது D-யில் மதிப்பெண்ணே வேறு ஃபார்முலாவிலிருந்து வருகிறது, ஒரே ஒரு செல்லில் `#N/A` நிற்கிறது, அந்த ஒன்று போதும், LARGE முழுக்கப் பிழையாகி 40 வரிசையும் நிறம் இழக்கும். சரியான வழி அந்தச் செல்லைச் சரிசெய்வதுதான். அதுவரை தள்ள வேண்டும் என்றால் இது பிழைகளைத் தாண்டிக்கொண்டு எண்ணும்:

```
=$D2>=AGGREGATE(14,6,$D$2:$D$41,3)
```

இதில் 14 என்பது LARGE வேலை, 6 என்பது பிழைகளைக் கண்டுகொள்ளாதே என்ற கட்டளை.

## கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறது, ஆனால் டூப்ளிகேட் என்று பிடிக்கவில்லை

இங்கே ஃபார்முலா சரி, தரவு சரியில்லை. வேறெங்கிருந்தோ நகல் எடுத்து ஒட்டிய பதிவு எண்ணின் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். சந்தேகப்படும் இரண்டு செல்லுக்கும் `=LEN(A7)`, `=LEN(A19)` என்று போட்டுப் பாருங்கள், ஒன்று 6, ஒன்று 7 என்று வந்தால் அகப்பட்டது. TRIM போட்டும் நீளம் குறையவில்லை என்றால் அது சாதாரண இடைவெளி இல்லை, இணையப் பக்கங்களிலிருந்து வரும் பிரியா இடைவெளி. `=UNICODE(RIGHT(A19,1))` போட்டால் 32-க்குப் பதில் 160 காட்டும். TRIM அதைத் தொடாது, முதலில் மாற்றிவிட்டுப் பிறகு வெட்ட வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(A2,UNICHAR(160)," "))
```

இதை ஒரு காலி நெடுவரிசையில் ஓட்டி, விடையை மதிப்பாக மட்டும் A-வில் ஒட்டிக்கொள்ளுங்கள். விதிக்குள்ளேயே TRIM செருகிச் சமாளிக்கலாம்தான், ஆனால் அழுக்குத் தரவு அப்படியே இருக்கும், நாளை வேறொரு ஃபார்முலா அதே இடத்தில் தடுக்கி விழும்.

## வேறு வேறாக இருப்பதை டூப்ளிகேட் என்கிறது

இது முன்னதைவிட ஆபத்தானது, ஏனென்றால் நிறத்தை நம்பி ஒரு வரிசையை அழித்துவிட்டால் நல்ல தரவு போய்விடும்.

COUNTIF-க்கு ஒரு சுபாவம் உண்டு. எண் போலத் தெரிகிற எழுத்தையெல்லாம் அது எண்ணாகவே மாற்றிப் பார்க்கும். எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். பதிவு எண் 16 இலக்கமாக இருந்து, நீங்கள் கவனமாக அதை எழுத்தாகவே சேமித்திருந்தாலும், கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருக்கும் இரண்டு எண்களை COUNTIF ஒன்று என்றே சொல்லும். அதேபோல 0105, 105 இரண்டும் எழுத்தாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். பதிவு எண்ணுக்குள் நட்சத்திரக் குறியோ கேள்விக்குறியோ இருந்தால், அதை எந்த எழுத்தும் வரலாம் என்று எடுத்துக்கொண்டு தொடர்பில்லாதவற்றையும் சேர்த்து எண்ணும்.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும் என்றால் COUNTIF-ஐ விட்டுவிட்டு இதற்கு மாறுங்கள்:

```
=AND($A2<>"",SUMPRODUCT(--($A$2:$A$41=$A2))>1)
```

முன்னால் இருக்கும் `$A2<>""` தேவை, இல்லையென்றால் காலி வரிசைகள் ஒன்றுக்கொன்று சமம் என்று சொல்லி எல்லாம் ஆரஞ்சாகிவிடும். இந்த மாற்றத்துக்கு ஒரு விலையும் உண்டு: 105 ஓர் இடத்தில் எண்ணாகவும் இன்னோர் இடத்தில் எழுத்தாகவும் இருந்தால் COUNTIF பிடித்திருக்கும், இது பிடிக்காது. ஆகவே A நெடுவரிசை முழுக்க ஒரே வகையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள். பல ஆயிரம் வரிசை இருக்கும் தாளில் இது மந்தமாகவும் ஓடும், பகுதியைத் தேவைக்கு மேல் விரிக்க வேண்டாம்.

## மதிப்பெண்ணே இல்லாத வரிசை முதல் மூன்றில் வருகிறது

வராதவர்களுக்கு D-யில் "வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வரிசைகளெல்லாம் பச்சை. இது எக்செல்லின் ஒப்பீட்டு முறையால் வருவது. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடும்போது எழுத்து எப்போதும் பெரியது என்பது அதன் கணக்கு, ஆகவே "வரவில்லை" என்பது 91-ஐ விடப் பெரியதாகிவிடுகிறது. காவல் ஒன்று போட வேண்டும்:

```
=AND(ISNUMBER($D2),$D2>=LARGE($D$2:$D$41,3))
```

ஆனால் இத்தோடு நிறுத்தாமல் இன்னொன்றும் பாருங்கள். D-யில் சில மதிப்பெண்கள் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம், செல்லின் மூலையில் பச்சை முக்கோணம், எண் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். காவல் இல்லாத ஃபார்முலாவில் அந்த எழுத்து 88 கூட நிறம் வாங்கும், அதனால் பிரச்சினை கண்ணில் படும். காவல் போட்ட பிறகு எழுத்தாக இருக்கும் 97 சத்தமில்லாமல் விடுபடும், LARGE-உம் எழுத்தை எண்ணாது. உண்மையிலேயே முதலிடம் வாங்கியவர் நிறமில்லாமல் நிற்பார், யாருக்கும் சந்தேகமும் வராது. அதனால் காவலைப் போடும் முன் ஒரு காலிச் செல்லில் இதைப் போடுங்கள்:

```
=COUNTA(D2:D41)-COUNT(D2:D41)
```

D-யில் எண்ணாக இல்லாதவை எத்தனை என்று சொல்லும். வராதவர்கள் 3 பேர், விடை 5 என்றால், இரண்டு மதிப்பெண் எழுத்தாக மாட்டியிருக்கிறது. D-யைத் தேர்ந்தெடுத்து `Data` > `Text to Columns` போய், எதையும் மாற்றாமல் `Finish` கொடுத்தால் பெரும்பாலும் எண்ணாகிவிடும். மறுபடி அந்த விடை 3 ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## மூன்று கேட்டேன், நான்கு வந்தது

மதிப்பெண்கள் 96, 94, 91, 91, 89 என்று போகின்றன. LARGE மூன்றாவதாக 91-ஐத் தருகிறது, 91-க்குச் சமமாகவோ அதிகமாகவோ இருப்பவர்கள் நால்வர். இது பிழை இல்லை, மூன்றாம் இடத்தில் இருவர் இருக்கிறார்கள், அவ்வளவுதான். போட்டி முடிவு என்றால் இதுதான் நியாயமும்கூட. சரியாக மூன்றே வரிசை வேண்டும் என்று பிடிவாதமாக வரிசை எண்ணை வைத்து ஒருவரைக் கழிக்கும் ஃபார்முலா எழுதலாம், நான் அதைத் தர விரும்பவில்லை, பட்டியலில் யார் பெயர் முதலில் ஏறியது என்பதை வைத்து இடம் தீர்மானிக்கிற மாதிரி ஆகிவிடும். சமநிலையை உடைக்க வேண்டுமென்றால் நேரம் மாதிரி இன்னொரு அளவு தரவிலேயே இருக்க வேண்டும்.

வேறொரு தேவை உண்மையானது. மூவருமே 96 என்றால் LARGE-இன் மூன்றாவதும் 96தான், 94 வாங்கியவருக்கு நிறம் கிடையாது. மூன்று ஆட்கள் இல்லை, மூன்று வெவ்வேறு மதிப்பெண்கள் வேண்டும் என்றால் பக்கத்தில் மூன்று செல்லில் படிப்படியாக இறங்குங்கள். சோதனைக் கட்டத்துக்கு அப்பால் K1-இல் `=MAX(D2:D41)`, K2-வில் இது:

```
=MAXIFS($D$2:$D$41,$D$2:$D$41,"<"&K1)
```

அதை K3-க்கும் இழுத்துவிட்டு, விதியில் `=AND(ISNUMBER($D2),$D2>=$K$3)` என்று எழுதினால் போதும். MAXIFS எக்செல் 2019-லிருந்து இருக்கிறது. பக்கத்துச் செல்லில் எல்லை மதிப்பு கண்ணெதிரே நிற்பதால் பின்னால் யார் பார்த்தாலும் ஏன் நிறம் வந்தது என்று புரியும்.

இரண்டு பேருக்கும் 91 என்று தெரிகிறது, ஒருவருக்கு மட்டும் நிறம் என்றால் தசமத்தைப் பாருங்கள். 91.4-உம் 90.6-உம் தசமம் மறைத்தால் இரண்டுமே 91 என்றுதான் திரையில் தெரியும்.

## நேற்று வரை சரியாக இருந்தது

தாளில் வரிசைகளை வெட்டி ஒட்டி, நடுவில் செருகி வேலை செய்தால் விதிகள் உடைந்து பெருகும். `Manage Rules` திறந்து மேலே `This Worksheet` என்று மாற்றிப் பாருங்கள், ஒரே ஃபார்முலா ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றின் `Applies to`-விலும் `=$A$2:$D$17,$A$19:$D$41` மாதிரி துண்டு துண்டாக இருக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்து, அதன் `Applies to`-வை `=$A$2:$D$41` என்று முழுதாக்குங்கள், பிறகு ஃபார்முலாவும் பழையபடி இருக்கிறதா பாருங்கள். இனிமேல் தரவை ஒட்டும்போது `Paste Special` > `Values` மட்டும் என்ற பழக்கம் வந்துவிட்டால் இது பெரும்பாலும் திரும்ப வராது.

41-ஐத் தாண்டிப் புதிய பெயர்கள் சேர்ந்து அவற்றுக்கு நிறம் வரவில்லை என்றால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும், `Applies to`-விலும் ஃபார்முலாவுக்குள் இருக்கும் பகுதியிலும். பலரும் முதலாவதை மட்டும் மாற்றுவார்கள். அப்போது புது வரிசை ஒருவருக்கு 98 என்றால் நிறம் வரும், ஆனால் எல்லை பழைய 40 பேரை வைத்தே நிற்பதால் மொத்தத்தில் நான்கு பேர் பச்சையாக இருப்பார்கள்.

## இரண்டு விதியும் ஒரே வரிசையில் மோதுகிறது

ஒரு வரிசை டூப்ளிகேட்டாகவும் இருக்கிறது, முதல் மூன்றிலும் வருகிறது. இரண்டு விதியும் பின்னணி நிறம்தான் மாற்றுகின்றன என்றால் `Manage Rules` பட்டியலில் மேலே இருப்பது ஜெயிக்கும். அம்புக்குறிப் பொத்தானால் டூப்ளிகேட் விதியை மேலே வையுங்கள்.

அழகுக்காகச் சொல்லவில்லை. 96 வாங்கியவரின் பதிவு 7-லும் 19-லும் இரண்டு முறை ஏறியிருந்தால், LARGE-க்கு அது 96, 96, 94 என்று தெரியும், எல்லை 94-இல் நின்றுவிடும், 91 வாங்கிய இருவரும் நிறமில்லாமல் போவார்கள். பச்சை விதி மேலே இருந்தால் 7-உம் 19-உம் பச்சையாகத் தெரியும், மூன்று பச்சை வரிசை, எண்ணிக்கை சரி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆரஞ்சு மேலே இருந்தால் ஒரே ஒரு பச்சையும் இரண்டு ஆரஞ்சும் தெரியும், பார்த்ததும் கை நிற்கும். 19-ஆம் வரிசையை அழித்த அந்த நொடியில் எல்லை 91-க்கு இறங்கி, அந்த இருவரின் வரிசையும் பச்சையாகும்.